கறிவேப்பிலைக்கென்று ஒரு கோடு

மேலகரத்தில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலில் குற்றாலம் போகிற பேருந்துகள் தெரியும். சாரல் பிடித்துவிட்டால் ஈரத்துண்டும் எண்ணெய் மணமுமாக சனம் போய்வந்துகொண்டிருக்கும். அந்த வாரம் எனக்கு ஜன்னல் பக்கமே போகத் தோன்றவில்லை. மேசையில் ஒரு பை கறிவேப்பிலை கிடந்தது.

ஆலங்குளத்துப் பக்கத்து விவசாயி ஒருவர் கொண்டுவந்த இலை. பூச்சிமருந்து வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை வந்தால்தான் வெட்டுக்கு ஆள் அனுப்புவேன் என்று மலைக்கு அந்தப் பக்கத்து வியாபாரி சொல்லிவிட்டாராம். வயலில் இலை முற்றிக்கொண்டிருந்தது. முற்றிப்போனால் யாரும் வாங்கமாட்டார்கள்.

இலைச் சாற்றை மெஷினில் விட்ட முதல் ஓட்டத்தில் ஒரு மருந்து வரம்பைக் கொஞ்சம் தாண்டியது.

“தாண்டிட்டுல்லா, எழுதி அனுப்பு” என்றார் மேலாளர்.

எனக்குக் கை வரவில்லை. திரையில் அந்த மருந்தின் அளவைக் காட்டும் கூம்பு, நாங்கள் பீக் என்பது, ஒல்லியாக, நிமிர்ந்து நின்றது. அதே மருந்தைத் தெரிந்த அளவில் சுத்தமான கரைப்பானில் கலந்து, ஒப்பிடுவதற்காக நாங்கள் ஓட்டிய ஸ்டாண்டர்டில் அது வாலை இழுத்துக்கொண்டு குட்டையாகக் கிடந்தது. ஒரே பொருள் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக ஏன் நடந்துகொள்கிறது?

சாற்றை ஆவியாக்கி மருந்துகளைப் பிரித்துக் காட்டும் ஜிசி மெஷினுக்குள் சூடான ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதன் சுவரில் இந்த மருந்து கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். இலைச் சாற்றோடு போகும்போது இலையின் மெழுகும் மற்றதும் முந்திப் போய் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும். மருந்து சேதாரமில்லாமல் வந்துசேரும். கரைப்பானில் தனியாகப் போகிற ஸ்டாண்டர்டுக்கு அந்தத் துணை கிடையாது. குறைத்துக் காட்டுகிற ஸ்டாண்டர்டை வைத்து அளந்தால் இலையில் இருப்பது கூடுதலாகத்தானே தெரியும்?

“இன்டர்னல் ஸ்டாண்டர்டு ஒழுங்காத்தானே வந்திருக்கு? பொறவென்ன?” என்றார் மேலாளர்.

“அது நாம எல்லாத்துலயும் ஒரே அளவு சேக்குத, கண்ணாடியில ஒட்டாத வேற சாமான், சார். ஊசி சரியா ஏத்திச்சா, அளவு மாறிச்சான்னு சொல்லும். ஒட்டுத மருந்துக்கு என்ன நடந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது.”

“ஏலே, படிச்சவன்னு காட்டாத. அப்போ மருந்து படாத இலை கொண்டா. அந்தச் சாத்துல ஸ்டாண்டர்டைக் கலந்து ஓட்டு.”

அது நல்ல யோசனைதான். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் மரம் நிற்கிறது. அதற்கு யாரும் எதுவும் அடித்ததில்லை. மறுநாள் காலையில் ஒடித்தபோது அம்மா கேட்டாள்.

“லேப்புல ரசம் வைக்கியளோ?”

ஓட்டிப் பார்த்தேன். அதே இடத்தில், சின்னதாக, அதே மருந்தின் பீக். பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய்க்கு அடித்தது காற்றில் வந்திருக்க வேண்டும். தென்காசிக் கடையில் வாங்கிய இலைக்கட்டிலும் இருந்தது. மருந்து படாத இலை எனக்கு அகப்படவேயில்லை.

இதற்கிடையே விவசாயி போன் செய்தார்.

“தம்பி, வியாபாரி காலையில இருந்து மூணு வாட்டி கேட்டுட்டான். ரிசல்ட்டு வந்துட்டா?”

“வந்துட்டு அண்ணாச்சி. ஆனா எனக்குச் சந்தேகமா இருக்கு. இன்னொரு தடவை செஞ்சு பாக்கேன்.”

“சந்தேகம் எனக்குச் சாதகமாவா, பாதகமாவா?”

“பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்று போனை வைத்தேன். குறைந்து வர வேண்டுமென்று நான் ஆசைப்பட ஆரம்பித்திருந்தேன். அதுதான் என்னை நிம்மதியாக உட்காரவிடவில்லை.

மிச்சம் ஒரே வழி: அவருடைய இலைக்குள்ளேயே அளவுகோலை வைப்பது. இலையை நன்றாக அரைத்து, சம எடையில் நான்காகப் பிரித்தேன். ஒன்றைச் சும்மா விட்டேன். மற்ற மூன்றிலும் அதே மருந்தைத் தெரிந்த அளவில் படிப்படியாகக் கூட்டிச் சேர்த்தேன். பிறகு நான்கையும் ஒரே மாதிரி சாறெடுத்து ஓட்டினேன். எல்லாவற்றிலும் ஒரே இலை, ஒரே மெழுகு. மெஷின் எப்படி ஏமாற்றினாலும் நான்கையும் ஒன்றுபோல ஏமாற்றும்.

சேர்த்த அளவுக்கு எதிரே பீக்கின் அளவை வைத்து வரைந்ததும் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. கரைப்பானில் போட்ட கோட்டைவிட இது செங்குத்தாக ஏறியது. கோட்டைப் பின்னால் நீட்டி, அடிக்கோட்டைத் தொடும் இடத்தைப் பார்த்தேன். பூஜ்யத்திலிருந்து அங்கே வரைக்கும் உள்ள தூரம்தான் இலையில் முதலிலேயே இருந்த மருந்து. வரம்புக்குக் கீழே வந்தது.

சந்தோஷப்பட முடியவில்லை. நான் ஆசைப்பட்டதுதானே வந்திருக்கிறது? பையில் மீதியிருந்த இலையை எடுத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். மேலாளர் வந்து எட்டிப்பார்த்தார்.

“கூடி வந்திருந்தா இப்படி ரெண்டாவது வாட்டி செஞ்சிருப்பியாலே?”

“செஞ்சிருப்பேன் சார்” என்றேன். குரல் அவ்வளவு உறுதியாக வரவில்லை.

இரண்டாவது முறையும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டு கோடுகளையும் வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு மேலாளர் கையெழுத்துப் போட்டார். “இனி கறிவேப்பிலை வந்தா இப்படித்தான். நாலு மடங்கு வேலை. நீதான் செய்யணும்.”

விவசாயிக்குப் போன் செய்தேன்.

“வரம்புக்குள்ளதான் இருக்கு அண்ணாச்சி. வெட்டச் சொல்லலாம்.”

“அப்போ மருந்து இருக்கு.”

“இருக்கு. வரம்புக்குக் கீழ.”

“சரி தம்பி. அடுத்த வெட்டுக்கு முன்னால அடிக்கதைக் கொஞ்சம் முன்கூட்டியே நிறுத்திருதேன்” என்றார். பின்னால் யாரையோ பார்த்து, “ஏலே, ஆளுகளை வரச் சொல்லு” என்று கத்துவது கேட்டது.

வீட்டுக்கு வந்தால் அம்மா கிணற்றடி மரத்தில் இலை ஒடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன பீக் கண்முன் வந்தது. அதையும் கரைப்பான் கோட்டை வைத்துத்தான் பார்த்திருந்தேன். உண்மையில் எவ்வளவு என்று எனக்கும் தெரியாது.

“எல்லாத்தையும் ஒடிச்சிராதம்மா. நாளைக்கு எனக்கு ஒரு பை வேணும்.”

“நேத்துதானலே கொண்டுபோன?”

“அது பத்தாது” என்றேன்.