எவன் ஊதினாலும் வராத மிச்சம்

இதை எழுதுகிறவன் ஹீலியத்தை முதன்முதலில் சந்தித்தது, மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு ஒரு குழாயைக் கவ்வியபடிதான். முதல் வேலைக்கு உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று நுரையீரல் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் கொஞ்சம்" என்று சோதனை எடுத்த ஹீலியம் என்கிற ஆள் கத்திய கத்தலில் கண்ணில் பூச்சி பறந்தது. ஊதி முடித்து, "மொத்தக் காத்தும் வெளிய வந்துருச்சு" என்றதற்கு அவன் சிரித்தான்.

"எங்க வந்துச்சு? உள்ள ஒண்ணரை லிட்டர் அப்படியே குந்தியிருக்கு. அது எவன் ஊதினாலும் வராது. வராத காத்தை இந்த ஊதுற மெஷின் எப்படி அளக்கும்? அதுக்குத்தான் நான் இருக்கேன்."

அதுக்குத்தான் நான் இருக்கேன் என்பதை அவன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். நிமிர்த்த உரிமையும் இருந்தது. அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். வகுப்பில் முதல் மதிப்பெண். அந்த ஆஸ்பத்திரியின் நுரையீரல் சோதனைக்கூடத்தில் பதினோரு வருடம். அவனுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவன் 'ஹீலியம்'.

காரணம் அவன் மெஷின். மூடிய குழாய்ச் சுற்றுக்குள் இத்தனை லிட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு ஹீலியம் என்று முதலில் கணக்காக நிரப்பிவைப்பான். நோயாளி சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கிற நொடியில் குழாயைத் திருப்பி அந்தச் சுற்றோடு சேர்த்துவிடுவான். அதன்பிறகு நோயாளி அதற்குள்ளேயே மூச்சுவிட வேண்டும். வெளியேறும் கரியமில வாயுவைச் சுண்ணாம்புக் குருணை உறிஞ்சிக்கொள்ளும். உடம்பு தின்கிற ஆக்சிஜனை மெஷின் ஈடுகட்டும். ஹீலியத்தை மட்டும் ரத்தம் ஏறக்குறையத் தொடாது. அது நுரையீரலுக்குள் பரவி, நீர்த்துப்போய், ஒரு இடத்தில் நிற்கும். "தெரியாத அண்டாவுல ஒரு கரண்டி சிவப்பு மையை ஊத்துங்க. எவ்வளவு வெளுத்துச்சுன்னு பாத்தா அண்டா எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சிரும்" என்பான். அப்படிக் கிடைத்த அளவிலிருந்து, நோயாளி மேற்கொண்டு முக்கி ஊதி வெளியேற்ற முடிகிற காற்றைக் கழித்தால் மிச்சம் வந்துவிடும். அவன் ராஜ்ஜியம் அந்த மிச்சம்தான்.

அந்த ராஜ்ஜியத்துக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்து இறங்கியது. டெலிபோன் பூத் மாதிரி, உள்ளே ஒரு நாற்காலி, காற்றுப் புகாத கதவு. பெட்டியோடு அதை இயக்க ஓர் ஆளும் வந்தாள். அதுதான் அவனைத் தின்றது. அவள் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். பரீட்சைக்கு முந்தின மத்தியானம் அமுக்கினால் காற்று சுருங்கும் என்கிற பாயிலின் விதி புரியவில்லை என்று அவள் விழித்தபோது, சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து, வாயைக் கட்டைவிரலால் அடைத்து, அமுக்கிக் காட்டிப் புரியவைத்தவன் அவன். இப்போது அதே விதியை வைத்து அவள் பிழைக்கிறாள், அதுவும் அவன் அறையிலேயே!

"என்னடா, பம்பு மாஸ்டர், சௌக்கியமா?" என்று முதல் நாளே சிரித்தாள்.

"சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல்" என்றான்.

அவள் வேலை இரண்டே நிமிடம். நோயாளியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவாள். "கன்னத்தை ரெண்டு கையாலயும் தாங்கிக்குங்க, மெதுவா இளைக்கிற மாதிரி மூச்சு விடுங்க" என்பாள். ஒரு சின்ன ஷட்டர் வாய்க்குழாயை அடைக்கும். அடைத்த குழாயை எதிர்த்து மார்பு விரியும்போது உள்ளே காற்று கொஞ்சம் தளரும், பெட்டிக்குள் இருக்கிற காற்று அதே அளவுக்கு நெருக்கும். வாயில் எவ்வளவு அழுத்தம், பெட்டியில் எவ்வளவு அழுத்தம். இரண்டையும் வைத்து நெஞ்சுக்குள் மொத்தம் எவ்வளவு காற்று என்று சொல்லிவிடும். ஹீலியம் எட்டிப்பார்க்காத மூலையில் சிக்கிக் கிடக்கிற காற்றையும் சேர்த்து. அவன் பத்து நிமிடம் காத்துக் கிடக்கிற இடத்தில் அவள் இரண்டு நிமிடத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். நோயாளிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறபோது சொந்தக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். ஹீலியத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டவர் பதினோரு வருடத்தில் ஒருவர்கூட இல்லை.

மனைவியிடம் புலம்பினான். "பெட்டி நல்லா இருக்கா?" என்று அவள் கேட்டாள். "இருக்கு." "அவ வேலை சரியா செய்யறாளா?" "செய்யறா." "அப்புறம் என்னதான் உங்க பிரச்சினை?" அவன் சாப்பிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டான்.

இந்த நேரத்தில்தான் லாரி டிரைவர் வந்தார். அறுபத்தொரு வயசு, நாற்பது வருடச் சிகரெட், நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிற நெஞ்சு. நுரையீரலுக்குள் சின்ன வால்வு வைத்து ஊதிப்போன பகுதியைச் சுருக்குவது பற்றி டாக்டரம்மா யோசித்துக்கொண்டிருந்தார். வெளியேறாத மிச்சக் காற்று, அந்த வயசுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதைப்போல ஒன்றே முக்கால் மடங்காவது இருந்தால்தான் வால்வு. அதற்குக் குறைந்தால் பலனைவிட ஆபத்து அதிகம். நுரையீரல் கிழிந்து மார்புக்குள் காற்று கசியலாம். டிரைவரும் அவர் சம்சாரமும் அந்த வால்வைச் சாமி வரம் மாதிரி எதிர்பார்த்திருந்தார்கள். இரண்டு சோதனையும் செய்யச் சொல்லி டாக்டரம்மா எழுதியிருந்தார்.

ஹீலியம் மூக்கில் கிளிப்பை மாட்டினான். டிரைவர் கண்ணடித்தார்.

"மூக்கை அடைச்சா என்ன தம்பி, நமக்கு வேற வழி இருக்கு. சிகரெட் புகையைக் காதுவழியா விடுவேன். பந்தயம் கட்டி ஜெயிச்சிருக்கேன்."

"ஆமா, ஊரையே வித்து வாங்கின பட்டம்" என்றார் சம்சாரம்.

"எங்கிட்டயே காதுல பூ சுத்துறீங்களா?" என்று சிரித்துவிட்டு ஹீலியம் குழாயைத் திருப்பினான்.

ஐந்து நிமிடம். ஏழு. ஹீலியத்தின் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. கெட்ட நுரையீரலில் மெதுவாகத்தான் கலக்கும், அவனுக்குத் தெரியாததா? பத்து நிமிடம் ஆயிற்று. இன்னும் அரைக்கால் அரைக்காலாக இறங்கியது. நிறுத்திவிட்டான். மிச்சம் நாலு புள்ளி ஏழு லிட்டர். இருக்க வேண்டியது இரண்டு புள்ளி இரண்டு. வால்வுக்குத் தாராளம்.

அடுத்து பெட்டி. மூன்று முறை அளந்தாள். மூன்று புள்ளி நாலு. வால்வுக்குப் போதாது.

அவன் அந்த எண்ணைப் பார்த்த பார்வையில் தீபாவளிப் பட்டாசு இல்லாத குறைதான். "என்ன, உன் கண்ணாடிக்குக் கண்ணு மங்கிருச்சா?"

அவள் சிரிக்கவில்லை. "ஹீலியம் பெட்டியை விடக் கம்மியா வரலாம்டா. சிக்கின காத்துக்குள்ள அது போகாது. கூட எப்படி வரும்?"

"அவர் ஒழுங்கா இளைக்கல. கன்னம் ஆடுச்சு, நான் பாத்தேன்."

அவன் பார்க்கவில்லை. அந்த நேரம் குருணையை மாற்றிக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா இரண்டு தாளையும் மேஜையில் வைத்து அவனைப் பார்த்தார். "எதை நம்பட்டும்?"

"பதினோரு வருஷம் மேடம்" என்றான். எண் நிற்கும் முன்பே நிறுத்தியதை அவன் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. வியாழக்கிழமை வால்வுக்குழு கூடும், அதற்குள் பெட்டியைச் சரிபார்த்துச் சொல்லுங்கள் என்றார். அதைக் கேட்டபோது அவளுடைய முகம் தொங்கிப்போயிற்று. பல மாதத்துக்குப் பிறகு அவனுக்கு அன்று டீ இனித்தது.

புதன்கிழமை அவள் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"திங்கக்கிழமைதோறும் மெஷினைச் சோதிக்க உன்னையே அளந்துக்கிறே இல்ல? உன் மிச்சம் எவ்வளவு?"

"ஒண்ணு புள்ளி ஆறு. பதினோரு வருஷமா பெருசா மாறினதில்ல."

"வா. பெட்டியில உக்காரு."

மாட்டேன் என்றால் பயந்தவன் ஆகிவிடுவான். அந்தக் கதவுக்குள் அவன் ஒருதடவைகூடக் கால் வைத்ததில்லை. உட்கார்ந்தான். கதவு சாத்திக்கொண்டது. வெளியே அவள் வாய் அசைந்தது; சத்தம் மைக் வழியாக வந்தது. உள்ளே வெக்கை ஏறியது. காது இரண்டும் கம்மென்று அடைத்துக்கொண்டன. எச்சிலை விழுங்கினான். டப்பென்று காது திறந்தது.

திறந்த காதோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். தொண்டைக்கும் காதுக்கும் ஒரு குழாய் ஓடுகிறது. செவிப்பறை முழுசாக இருந்தால் காற்று அதோடு நிற்கும். ஓட்டையாக இருந்தால்?

"கன்னத்தைத் தாங்குடா, எங்க பாத்துட்டிருக்கே?"

தாங்கினான். இளைத்தான். ஷட்டர் அடைத்தது, திறந்தது. கடைசிச் சொட்டு வரை ஊதினான். திரையில் ஒன்று புள்ளி ஆறு. அவள் கண்ணாடிக்கு வெளியே இருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். பம்பின் வாயை அடைக்க அவன் காட்டிக்கொடுத்த அதே கட்டைவிரல்.

சொல்லாமல் விட்டுவிடலாம். அது தோன்றாமல் இல்லை. பெட்டியில் ஏதோ கோளாறு என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். டிரைவருக்கும் சந்தோஷம், சம்சாரத்துக்கும் சந்தோஷம். அவளைப் பெட்டியோடு திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். கதவைத் திறந்து வெளியே வரும் வரை இதையெல்லாம் யோசித்தான். பிறகு அந்த மனுஷன் நாலு படி ஏறிவிட்டு நின்ற விதம் ஞாபகம் வந்தது. அந்த மார்புக்குள் காற்று கசிந்தால் அவர் மூச்சுவிட எதை வைத்திருக்கிறார்?

"பெட்டி சரியாதான் இருக்கு" என்றான். "டிரைவர் காதுல ஓட்டை. புகை வர்ற வழியா ஹீலியம் போயிருக்கு. அதான் ரொம்ப வெளுத்து, அண்டா பெருசுன்னு காட்டியிருக்கு. அவர் சொன்னார். நான் கேட்டுக்கல."

"எண்ணு நிக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

"நிக்கல. நான் நிறுத்திட்டேன்."

அன்றே டிரைவரைக் கூப்பிட்டார்கள். காது டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் நல்லா ஒரு ஜன்னல் இருக்கு" என்றார். காதை அடைப்பானால் இறுக்கி மூடி மறுபடி ஹீலியத்தில் விட்டார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் எண் நின்றது. ஆணி அடித்த மாதிரி நின்றது. மிச்சம் மூன்று புள்ளி ஒன்று. பெட்டியைவிடக் கொஞ்சம் கம்மி. இருக்க வேண்டிய முறைப்படி.

டிரைவர் பொங்கிவிட்டார். "நேத்து நாலே முக்கால் இருந்துச்சு! காதுல ஒரு கட்டையைச் சொருகி ஒன்றரை லிட்டரை முழுங்கிட்டீங்களே தம்பி!"

"அது உங்க நெஞ்சுல இருந்த காத்து இல்லண்ணே. காதுவழியா ஓடினது. நேத்து நீங்க சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும். தப்பு என்னோடது."

சம்சாரம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அப்ப வால்வு இல்லையா?"

"இல்லக்கா. வெச்சா ஆபத்து. மூச்சுப் பயிற்சி இருக்கு, மருந்து இருக்கு." டிரைவர் ஹீலியத்தைப் பார்க்காமலே எழுந்து போனார். அது பெட்டியை விடவும் நன்றாகச் சுட்டது.

டாக்டரம்மா பழைய தாளின் குறுக்கே கோடு போட்டார். "அடுத்த தடவை எண்ணு நிக்காம நிறுத்தினா, பதினோரு வருஷம்னு எங்கிட்ட சொல்லாதே" என்றார். பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். அவள் இல்லாத நேரத்தில் திட்டியிருக்கலாம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "காதை நீதான் கண்டுபிடிச்சே. நானா இருந்தா பெட்டியைக் கழட்டிப் போட்டுத் தேடிக்கிட்டு இருந்திருப்பேன்."

"பரிதாபப்படாதே."

"சரி, படல. டீ வாங்கிக் கொடு."

வாங்கிக் கொடுத்தான். பொறாமை போயிற்றா என்று கேட்டால், இல்லை. ஊதி முடித்தபிறகும் உள்ளே குந்தியிருக்கிற காற்று மாதிரி கொஞ்சம் இருக்கிறது என்று அவனே சொல்வான். எவ்வளவு என்றுதான் தெரியாது என்பான்.

இப்போது அவள் அந்தச் சோதனைக்கூடத்தின் பொறுப்பாளர். அவன் அதே அறையில், அதே ஹீலியம் மெஷினில், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரப் பயப்படுகிறவர்களையும் உள்ளே அடங்காதவர்களையும் அளக்கிறான். குழாயைத் திருப்பும் முன் எல்லோரிடமும் காதைப் பற்றிக் கேட்கிறான். திங்கட்கிழமை காலையில் பெட்டிக்குள் உட்கார்ந்து கன்னத்தைத் தாங்கிக்கொள்கிறான். லாரி டிரைவர் வாரம் இரண்டு நாள் மூச்சுப் பயிற்சிக்கு வருகிறார். ஹீலியத்தோடு இன்னும் பேசுவதில்லை.