எனக்குப் பதிலாக வந்தவன்

ஹாங்காங்கில் கப்பல் நின்றபோது கம்பெனி ஆபீசிலிருந்து தந்தி வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம், மலேசியாவில் கிள்ளான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஒன்பது மாத ஒப்பந்தத்தில் எனக்கு ஐந்து மாதம்தான் முடிந்திருந்தது.

ஆள் எடுக்கும் மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். கப்பல் ஏறிய தேதி, அடுத்து சிங்கப்பூரில் இறங்க அனுமதி, அதுவரைக்குமான சம்பளம், விடுப்புப் பணம், கப்பலில் வாங்கிய முன்பணக் கழிவு எல்லாம் ஒழுங்காக இருந்தன. அதோடு நின்றிருக்கலாம். சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் இறங்கினால், பதிலுக்கு வருகிறவனின் வழிச்செலவை நம் கணக்கில்தான் கழிப்பார்கள். அதைக் கழிக்க வேண்டாம் என்று மூன்று வரி வாதாடியிருந்தேன். அப்பாவைப் பற்றி ஒரே வரி.

கேப்டன் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கையெழுத்துப் போட்டார். துறைமுகத்திலிருந்த கம்பெனி ஏஜெண்டு அதை டெலெக்ஸில் அனுப்பினார். இறங்கலாம், வழிச்செலவு உன் கணக்கில்தான் என்று பதில் வந்தது. நான் எஞ்சின் அறையில் எல்லோர் காதிலும் விழும்படி திட்டித் தீர்த்தேன்.

சிங்கப்பூரில் எனக்குப் பதிலாக ஏணி ஏறி வந்தவன் போர்ட் கிள்ளான்காரன், என்னைவிடச் சின்னவன். லீவு முடியாமலே அவனை அழைத்திருந்தார்கள். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொன்னான்.

“அண்ணே, மேனேஜர் விஷயத்தச் சொன்னாரு. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போயி அப்பாவப் பார்த்துட்டுத்தான் வரேன். இருக்காருண்ணே, பயப்படாதீங்க.”

“பேசுறாரா?”

“கொஞ்சம் பேசுறாரு. கண்ணு சரியாத் தெரியல. நர்ஸ் ஊட்டுனா வாயத் திறக்கல, நான் கஞ்சி ஊட்டுனேன், குடிச்சாரு. என்னைய நீங்கன்னு நினைச்சுட்டாருண்ணே. இல்லேன்னு சொல்ல மனசு வரல. கப்பலுக்குப் போறேன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்.”

இவனுடைய பஸ் காசுக்காகத்தான் அத்தனை வாதாடியிருக்கிறேன். கூனிக் குறுகிப் போனேன். பம்புகளைக் காட்டி வேலையை ஒப்படைத்த நேரம் முழுக்க அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கே பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் கட்டிலருகே போய் அப்பாவின் கையைப் பிடித்தேன். அவர் முகத்தைத் திருப்பினார். பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது.

“கப்பலுக்குப் போறேன்னியே. போகலையா?”

“இல்லப்பா. வந்துட்டேன்.”

நர்ஸ் கஞ்சிக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். முதல் கரண்டியே தாடையில் வழிந்தது. துடைத்துவிட்டு அடுத்ததை நீட்டினேன். அதுவும் வழிந்தது. அப்பா வாயை மூடிக்கொண்டார்.

“நேத்து ஊட்டுன மாதிரி ஊட்டுய்யா” என்றார்.