கிணறு வற்றினால் வழக்கு நிற்குமா

பக்கத்து வயல்காரர் போர் போட்ட பத்தாம் நாள் என் கிணறு வற்றிப்போனது. மணப்பாறைக்குப் பக்கத்தில் எனக்கிருப்பது முக்கால் ஏக்கர். அது முழுக்கக் கத்தரி, பூவெடுத்து நின்றது. இன்னும் ஒரு வாரம் தண்ணீர் காட்டாவிட்டால் பிடுங்கி எறிய வேண்டியதுதான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வேலியோரம் நின்று கத்தினேன். "என் நிலத்துலதானே போட்டேன், அக்கா" என்றார் அவர், அமைதியாக. அந்த அமைதிதான் என்னைத் திருச்சிக்குப் பஸ் ஏற்றியது.

வக்கீல் ஒரு பெண்மணி. அவரிடம் என் துருப்புச் சீட்டை இறக்கினேன். கிணறு வெட்டும்போது உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர், என் கிணற்றுக்கு ஓட்டம் அந்த வயல் வழியாக வருகிறது என்று சொல்லியிருந்தார்.

"தேங்காய் எழுந்து நின்னுச்சுன்னு கோர்ட்ல சொல்ல முடியாதும்மா" என்றார் வக்கீல். "பூமிக்குக் கீழ வாய்க்கால் மாதிரி இன்ன தடத்துல தண்ணி ஓடுதுன்னு நிரூபிச்சா வழக்கு நிக்கும். மண்ணுலயும் பாறை இடுக்குலயும் கசியற தண்ணியை அவரவர் நிலத்துல அவரவர் எடுத்துக்கலாம். உங்களுக்கு நஷ்டம் வந்திருக்கு. ஆனா சட்டப்படி அவர் தப்பு பண்ணலை."

"அப்ப நான் ஆழமாப் போட்டு அவரோடது வத்துனா?"

"அதுவும் தப்பில்லை."

எனக்குக் குதூகலம் தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்தே போர் லாரிக்காரரைக் கூப்பிட்டேன். மறுநாள் அவர் வேலியோரம் இடம் பார்ப்பதைக் கண்டு பக்கத்து வயல்காரர் ஓடி வந்தார். வக்கீல் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"மாத்தி மாத்தித் தோண்டிக்கிட்டே போனா ரெண்டு பேருக்கும் மிஞ்சாதுக்கா. நீங்க போர் போடாதீங்க. மூணு நாளைக்கு ஒரு தரம் என் போர்லேர்ந்து உங்க வாய்க்காலுக்கு விடறேன்."

செடிகள் தலை தொங்கி நின்றன. வீம்பு எனக்கு இனிக்கத்தான் செய்தது, ஆனால் செடி அதைக் குடிக்காதே. லாரிக்காரரை அனுப்பிவிட்டேன். வாய்ப்பேச்சு போதாது, எழுதித் தர வேண்டும் என்றேன். சரி என்றார்.

போனில் கேட்ட வக்கீல் சிரித்தார். "கோர்ட் குடுக்க முடியாததை அவரே குடுக்கறார். பத்திரமா எழுதிப் பதிவு பண்ணிடுங்க. நாளைக்கு அவர் நிலம் கைமாறினாலும் உங்க உரிமை நிக்கும்."

பதிவுக்கு நான்கு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அதுவரை செடி தாங்குமா என்ற பயத்தோடு மறுநாள் காலை வயலுக்குப் போனேன். பாத்திகளில் தண்ணீர் நின்றது. அவர் மண்வெட்டியோடு என் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"கடைசிப் பாத்திக்கு இன்னும் எட்டலைக்கா, கொஞ்சம் இருங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.