மாலை போட்ட வருடம்

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலையில் குடித்தால்தான் கை நடுங்காமல் துணி வெட்ட முடியும் என்றானபோது, குடியை விடுகிறேன் என்று அவரே என்னோடு டாக்டரிடம் வந்தார்.

எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்று விசாரித்த டாக்டர் என்னைப் பார்த்தார்.

"முன்னாடி நிறுத்துனப்ப வலிப்பு வந்துச்சுங்களா? நடுக்கம் மட்டும்னா மாத்திரையோட ஊட்டுல பாக்கலாம். வலிப்பு வந்திருந்தா ஆஸ்பத்திரியில சேத்துத்தான் நிறுத்தோணும்."

"இல்லீங்க," என்றேன். பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை.

மாத்திரை கொடுத்து, தினமும் கூட்டிவரச் சொன்னார். இரண்டாம் நாள் குளிக்கப் போனவர் கைகால் இழுத்து, துவைக்கிற கல்லில் தலை மோதி விழுந்தார். பிழைக்கவில்லை. விதி என்று யாராவது ஆறுதல் சொன்னால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

முந்தைய கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டுக் குடியை நிறுத்திய இரண்டாம் நாளும், பஜனையில் அப்படித்தான் இழுத்து விழுந்தார். சாமி வந்துவிட்டது என்று எல்லோரும் சரணம் சொன்னார்கள். வாயில் நுரையோடு கிடந்தவரின் காலைத் தொட்டு, "இந்தக் குடிய மட்டும் விட வச்சிரு சாமி" என்று கும்பிட்டவள் நான்.