மைதாவும் வாத்தியாரின் வெள்ளைக் குர்தாவும்

எங்கள் போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் படத்தைச் சரிசெய்கிறவருக்கு மைதா என்று பெயர். எண்பது வயதுக்காரர் முகத்தைக் கொடுத்தாலும் மைதா மாவு பிசைந்த மாதிரி வழவழவென்று ஆக்கித் தருவார். பதினெட்டு வருஷத்தில் அவர் அழித்த சுருக்கங்களை நீட்டிப் போட்டால் உலகத்தை இரண்டு சுற்று சுற்றிவரும். போட்டோவுக்குச் சட்டம் அடிக்கிற எனக்குத்தான் அது நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட மனுஷனுக்குச் சுருக்கம் உண்டாக்குகிற வேலை வந்து வாய்த்தது.

வேலையைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவருடைய மச்சான். எங்கள் கடையில் போட்டோ எடுக்கிறவர். ஒரு பாட்டு வாத்தியாரை மத்தியான வெயிலில் மைதானத்தில் நிறுத்தி, வலது கையைத் தூக்கிப் பாடச் சொல்லி எடுத்திருந்தார். முகம் அருமை. உடம்பு? கழுத்துக்குக் கீழே ட்யூப்லைட் எரிகிற மாதிரி வெள்ளைக் குர்தா ஒரே வெளுப்பு. ஆறடிக்குப் பெரிதாக்கி ஊர் இசை மன்றத்தில் மாட்ட வேண்டிய படம். வாத்தியார் வாய் கோணாமல் பாடிய படம் இது ஒன்றுதான். இது தேறாவிட்டால் மச்சான் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மைதா முதலில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தார். குர்தா தரை துடைத்த துணி நிறத்துக்கு வந்ததே தவிர ஒரு மடிப்புகூட எட்டிப் பார்க்கவில்லை. கேமரா பார்த்ததையெல்லாம் அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைலில் எடுத்திருந்தால் கொஞ்சமாவது மீண்டிருக்கும். மச்சான் பாதியைச் சுருக்கித் தள்ளிவிடுகிற ஜேபெக்கில் எடுத்திருந்தார். வெயில் பட்ட இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நிரம்பி வழிந்துவிட்டன. அங்கே கேமரா எதையுமே எழுதி வைக்கவில்லை.

அடுத்து, பழைய கல்யாணப் படம் ஒன்றிலிருந்து வேறு யாருடைய குர்தா மடிப்பையோ வெட்டி ஒட்டினார். வாத்தியாரின் மனைவி வந்து பார்த்தார்.

"ஏங்க, இவர லாரி இடிச்சிட்டுப் போன மாதிரியில்ல இருக்கு?"

தப்பு இருக்கத்தான் செய்தது. கல்யாணக்காரர் கையைத் தொங்கவிட்டு நின்றவர். மடிப்பெல்லாம் நேராகக் கீழே இறங்கியது. வாத்தியாரோ கையைத் தூக்கியிருக்கிறார். துணி அக்குளிலிருந்து இழுபட்டுச் சாய்வாக அல்லவா போகும்? போதாததற்கு அங்கே வெளிச்சம் இடப்பக்கம், இங்கே வெயில் வலப்பக்கம். மடிப்பு மேடாகத் தெரியாமல் தகர டப்பா நசுங்கின மாதிரி தெரிந்தது. அந்த அம்மா மறுநாள் மாலை வரை நேரம் கொடுத்துவிட்டுப் போனார்.

மைதா மச்சானை மேலும் கீழும் பார்த்தார். வாத்தியாரும் ஒல்லி, மச்சானும் ஒல்லி. இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினால் ஒரு துடைப்பம் ஆகும்.

"மச்சான், உங்கிட்ட வெள்ளக் குர்தா இருக்குல்ல? நாளைக்கு மத்தியானம் போட்டுக்கிட்டு வா. நீதான் வாத்தியார்."

மறுநாள் மச்சான் பெட்டி போட்ட குர்தாவில் மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். முழுக்கக் கட்டம் கட்டமாக இஸ்திரிக் கோடு. மைதா அவரை மொட்டைமாடியில் கால் மணி நேரம் குனிந்து நிமிர வைத்துக் குர்தாவைப் பழக்கினார். பிறகு அதே நேரம், வெயில் அதே வலப்பக்கம், கை அதே உயரம். இந்தத் தடவை ரா ஃபைல், கேமராவுக்குள் விடுகிற வெளிச்சமும் குறைச்சல். கை தாழும்போதெல்லாம் கேமராவைப் பிடித்திருந்த மைதா திட்டினார். அக்குள் மடிப்பு மாறிவிடுமாம். மச்சான் வெயிலில் வடாம் மாதிரி காய்ந்து போனார்.

மச்சான் குர்தாவின் மடிப்பு நிழலை மட்டும் எடுத்து வாத்தியார் மேல் போர்த்தினார் மைதா. அசல் படத்தில் சட்டைக் கழுத்தோரமும் அக்குள் அடியிலும் கொஞ்சம் மடிப்பு பிழைத்திருந்தது. அது விட்ட இடத்திலிருந்து புது மடிப்பைத் தொடுத்தார். சேராததை மெல்லிய பிரஷ்ஷால் தடவித் தடவி அழித்தார். நிழலுக்கு லேசாக நீலம். வானத்து நிறம் வெள்ளைத் துணியில் ஏறுமாம். அசல் படம் முழுக்க மணல் மாதிரி இருந்த பொடிப்புள்ளியையும் மேலே தூவினார். கடைசியில் நன்றாக இருந்த நாலு மடிப்பை அவரே கலைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"வெயில் நேரா அடிக்கிற தோள்ல மடிப்பு தெரிஞ்சா எவன் நம்புவான்? அங்க வெள்ளையாவே கெடக்கட்டும்."

மாலையில் அந்த அம்மா வந்தார். மச்சான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். அம்மா திரையருகே குனிந்தார். தோளைப் பார்த்தார், மார்பைப் பார்த்தார். அக்குளிலிருந்து இடுப்புக்கு இறங்கிய மடிப்பின் மேல் விரலை வைத்தார். முகம் சிவந்தது. எனக்கே மச்சானுக்கு வேறு கடை பார்க்கலாமா என்று யோசனை ஓடியது.

அம்மா போனை எடுத்து வாத்தியாரைக் கூப்பிட்டார்.

"அன்னைக்குப் பொட்டி போட்ட குர்தாவத்தான் போட்டுக்கிட்டுப் போனேன்னு சத்தியம் பண்ணீங்களே. இங்க வந்து பாருங்க, எவ்ளோ கசங்கல். போட்டோ பொய் சொல்லுமா?"

மறுமுனையில் வாத்தியார் என்னவோ கெஞ்சுவது கேட்டது. மைதா கீபோர்டில் தூசி தட்ட ஆரம்பித்தார். நான் ஆணி பொறுக்கினேன். படத்தை ஆறடிக்கு அப்படியே போடச் சொல்லிவிட்டு, மீதியை வீட்டில் போய்ப் பேசிக்கொள்கிறேன் என்று அந்த அம்மா கிளம்பினார்.