மாவுக்கட்டுக் காலுக்கு நாலு வரி

அந்தப் படத்தை எடுத்தது நான்தான். எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குமுன் வந்த படங்களெல்லாம் பிறந்தநாள் கேக்கும் காலை வணக்க ரோஜாவுமாகவே இருக்கும். ஒரு காலுக்காக அறுபது பேர் பதில் போட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போது பத்து வயது. பெருமை தாங்கவில்லை.

கால் அம்மாவுடையது. பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டியில் வரும்போது, நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில், வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் வண்டி சறுக்கிவிட்டது. கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பில் முறிவு. வீக்கம் வடியட்டும் என்று நாலு நாள் பாதிக் கட்டோடு வைத்திருந்து, பிறகு முழங்காலுக்குக் கீழே விரல் வரைக்கும் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது. இரண்டு தலையணை அடுக்கி அதன்மேல்தான் இருக்கவேண்டும். விரல்களை அடிக்கடி அசைக்க வேண்டும், நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ உடனே ஓடி வரவேண்டும். கட்டுக்குள் நனையக்கூடாது, அரித்தால் ஸ்கேல் விட்டுச் சொறியவும் கூடாது. கடைசி உத்தரவை டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை.

கட்டு போட்ட அன்றே வீட்டில் பெரிய பிரச்சினை, இதை எப்படிச் சொல்வது என்பது. சொல்லாமல் விட்டால் வாடிப்பட்டி அத்தை ஆயுசுக்கும் பேசமாட்டார். அவர் அப்பாவின் அக்கா. அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதை இரண்டு நாள் கழித்துச் சொன்னதற்கே மூன்று வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர். சொன்னாலோ, ஊரே ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகப் பார்க்க வந்துவிடும். வருகிறவர்களுக்குக் காப்பி போடவேண்டும், மத்தியானமானால் சோறு போடவேண்டும். அம்மா படுத்துக்கொண்டு பார்த்திருக்கிற ஆள் கிடையாது. கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷத்தில் கிடைத்த முதல் ஓய்வு வந்த வேகத்தில் போய்விடும்.

அப்பா எழுதிக்கொடுத்தது இது: ‘என் மனைவிக்கு விபத்தில் கால் முறிந்துவிட்டது, ஜெபித்துக்கொள்ளுங்கள்.’ ஜெபிக்கச் சொன்னால் சாயங்காலமே ஆட்டோ பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பார்கள் என்று அம்மா அதை அடித்துவிட்டார். நான் ‘அம்மாவின் புது வெள்ளை பூட்ஸ்’ என்று சொன்னேன். செருப்புக் கடையில் எடுத்த படம் என்று நினைத்துவிடுவார்கள் என்றார். ஆனாலும் சிரித்தார்.

கடைசியில் அம்மாவே சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்துகிறவர் அல்லவா, ஒவ்வொரு வார்த்தையையும் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்தார். முதலில் படம். மருந்து கவரும் எக்ஸ்ரேயும் தெரியாமல் வெட்டச் சொன்னார், அவை பயமுறுத்துமாம். முகம் வேண்டாம், வலி முகத்தில் தெரிந்துவிடும். தலையணைமேல் காலும், வெளியே எட்டிப் பார்க்கும் ஐந்து விரல்களும் மட்டும் போதும். கட்டின்மேல் ஸ்கெட்ச் பேனாவால் நான் வரைந்திருந்த மீசைக்காரன் இருக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. அடியில் இப்படி:

‘ஆறு வாரத்துக்கு இந்தக் கால் தரையைத் தொடக்கூடாதாம். டாக்டர் உத்தரவு. பள்ளிக்கூடத்துக்கும் அடுப்படிக்கும் லீவு லெட்டர் கொடுத்தாச்சு. வலியெல்லாம் இல்லை, யாரும் வெயிலில் அலைய வேண்டாம்.’

‘வரவேண்டாம்’ என்றால் கோபம் வரும், ‘அலைய வேண்டாம்’ என்றால் அக்கறையாகத் தெரியும். டாக்டர் பெயரைச் சொல்லாவிட்டால் சொகுசு என்பார்கள். வலி இல்லை என்பது பொய்தான், அதற்கு ஞாயிற்றுக்கிழமை பூசையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். எல்லாம் முடிந்து, அனுப்பிவிடு என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. ஐந்து நாளாகக் காலையும் ராத்திரியும் உப்புமா. அத்தை வந்தால் பணியாரம் கிடைக்கும். படத்துக்குக் கீழே இருந்த பெட்டியில், அம்மாவின் நாலு வரிக்கும் பின்னால், ‘அப்பா உப்புமா மட்டும்தான் செய்கிறார்’ என்று சேர்த்து அனுப்பிவிட்டேன்.

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. அம்மா போனை வாங்கிப் பார்த்தபோது டிக்குகள் நீலமாகியிருந்தன. அப்போதெல்லாம் அனுப்பியதைத் திருத்த வழியில்லை. அழித்தால் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி நிற்கும். அதைப் பார்த்தால் கால் போய்விட்டதோ என்று பயந்து அறுபது பேரும் கிளம்பிவிடுவார்கள். அம்மா என்னைத் திட்டவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. மறுநாள் காலை பத்து மணிக்கு வயர்கூடையோடு அத்தை வாசலில் நின்றார்.

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். அத்தை ஒரு கையால் அழுத்தி உட்கார வைத்தார்.

“கால கீழ போட்டேன்னா டாக்டருக்கு யாரு பதில் சொல்றது? உத்தரவுன்னு நீதானத்தா எழுதிருக்க.”

இரண்டு நாள் பணியாரம் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் அத்தையும் காலை நீட்டிப் படுத்திருந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டதாம். அடுப்படியில் அப்பா நின்றார். இருவரும் படுத்தபடியே அவருக்குச் சாம்பார் சொல்லிக்கொடுத்தார்கள். “அம்புட்டுதான் தம்பி, இனி தாளிச்சுக் கொட்டு” என்று அத்தை சொல்ல, அம்மா தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார். கட்டுக்குள் அரித்தால் அத்தை விசிறியால் உள்ளே காற்று விடுவார். பிறகு இரண்டு பேரும் சீரியல் பார்ப்பார்கள். அந்த ஆறு வாரம் போல எங்கள் வீடு சந்தோஷமாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வாடிப்பட்டியிலிருந்து போன் வர ஆரம்பித்தது. அங்கே மாமா, மூன்று மகன்கள், இரண்டு மாடு. எப்போது வருவாய் என்று எல்லாரும் கேட்டார்கள், மாடு மட்டும் கேட்கவில்லை. ஒரு நாள் அத்தை என்னைக் கூப்பிட்டு இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். மாவுக்கட்டுக் காலும், அதன் பக்கத்தில் பித்தவெடிப்போடு அவருடைய இரண்டு காலும். ‘கட்டு ஒரு காலுக்கு, லீவு ரெண்டு பேருக்கு’ என்று போடச் சொன்னார்.

“அது வேண்டாம் மதினி. டாக்டர் பேர்ல சொல்லுங்க” என்றார் அம்மா.

அதன்படி, ‘கட்டுப் பிரிக்கும்வரை கூட ஒரு ஆள் இருக்கணும் என்று டாக்டர் உத்தரவு’ என்று போனது. அத்தையின் வரிதான் நன்றாக இருந்தது, அம்மாவுக்கு ரசனை போதாது என்று நினைத்தேன்.

ஆறாவது வாரம் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, சின்ன ரம்பத்தால் கட்டை அறுத்தார்கள். அது சத்தம்தான் போடும், தோலை வெட்டாது. மீசைக்காரன் இரண்டாகப் பிளந்தான். உள்ளிருந்து சூம்பிப்போய், தோலுரிந்து, அடையாளம் தெரியாத ஒரு கால் வந்தது. எலும்பு கூடிவிட்டது, மெல்ல ஊன்றி நடக்கப் பழகுங்கள் என்றார் டாக்டர். இன்னும் ஒரு வாரம் போட்டு வைத்தால் நல்லதில்லையா என்று கேட்டது அம்மா இல்லை, அத்தை. என்ன அக்கறை என்று டாக்டர் மெச்சினார்.

மறுநாள் அப்பாவும் நானும் அத்தையை வழியனுப்ப ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். வாடிப்பட்டி வழியாகப் போகும் பஸ் வந்து நின்றது. கூட்டமாக இருக்கிறது, அடுத்ததில் போகிறேன் என்றார் அத்தை. அடுத்ததும் வந்தது. அதிலும் கூட்டம் என்றார். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பஸ் வந்ததும் நான் ஓடி ஏறி, ஜன்னலோரம் ஒரு சீட்டில் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்துச் சொன்னேன்.

“அத்த, நெறைய சீட்டு காலியா இருக்கு. எல்லா பஸ்லயும் இருந்துச்சு, நான் எண்ணிப் பாத்தேன்.”

அத்தை கூடையை எடுத்துக்கொண்டு ஏறி, நான் பிடித்துவைத்த சீட்டில் உட்கார்ந்தார். என் தலையைத் தடவி, கெட்டிக்காரி என்றார்.