மெர்டேக்கா காலையில் விழுந்த ஃபோன்

அலமேலு பிறந்தது மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம். அந்தப் பெருமையில் அரை பங்கைத் தனக்கே எழுதிக்கொண்ட மாதிரிதான் பேசுவாள். மீதிப் பெருமை, கல்யாணத்துக்கு முன்னால் மலாக்கா டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் பார்த்த வேலை. அடேயப்பா, அது ஒரு காலம்! காதில் ஹெட்ஃபோன், எதிரே துளைத் துளையாய்ப் பலகை, வயரைக் குத்தினால் ஈப்போ, பிடுங்கிக் குத்தினால் பினாங்கு. பக்கத்து நாற்காலியில் மல்லிகா. சூப்பர்வைசர் திரும்பினால் போதும், ரெண்டும் கிசுகிசுவென்று ஆரம்பித்துவிடும்.

மல்லிகா ஈப்போவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு முகம் பார்ப்பது நின்றது, பேச்சு நிற்கவில்லை. ஒவ்வொரு மெர்டேக்கா அன்றும் காலையில் மல்லிகா கூப்பிட்டே தீருவாள். இந்த வருஷம், ரெண்டு மாசத்துக்கு முன்னால், கூப்பிட்டு நெஞ்சில் ஆபரேஷன் என்றாள். வீட்டு லைனையும் வெட்டிவிட்டு மகன் வீட்டுக்குக் குடிபோகிறாளாம். அங்கே என்ன நம்பர் என்று அலமேலுவுக்குத் தெரியாது. "உன் நம்பர் என் நாக்குல இருக்குடி, மெர்டேக்கா அன்னிக்கு நானே அடிக்கிறேன். அடிக்கலைன்னா நான் போயிட்டேன்னு வச்சுக்கோ" என்று சிரித்தாள் பாவி மகள். சிரிக்கிற விஷயமா அது?

அன்றைக்குப் பார்த்து, விடிகாலையில் தோசைக்கல்லைத் தூக்கப் போனவள் முழங்கை பட்டு ஃபோன் சிமெண்டுத் தரையில் விழுந்தது. கண்ணாடி உடையவில்லை. ஆனால் மேலே 'சிம் இல்லை' என்று எழுதி நின்றது. அணைத்துப் போட்டாள். அதே எழுத்து. கீழே விழுந்த பிள்ளைக்கு என்ன செய்வோம்? பயம் தெளியத் திருநீறு பூசுவோம். அலமேலுவும் அதைத்தான் செய்தாள். தோட்டுத் திருகாணி முனையால் சிம் தட்டைக் குத்தி வெளியே இழுத்து, சிம்மின் பொன் முகத்தில் ஒரு சிட்டிகை பூசி, "முருகா" என்று உள்ளே தள்ளினாள். முருகன் அசையவில்லை.

மலாக்காவில் காஜா பெராங் தெரு முனையில் தனபாலனின் ஃபோன் கடை விடுமுறை நாளில் நண்பகலுக்குத்தான் திறக்கும். கதவு பாதி ஏறுவதற்குள் அவள் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள்.

தனபாலன் தட்டை வெளியே எடுத்தான். திகைத்துப் போனான்.

"என்ன ஆன்ட்டி இது, விபூதி?"

"விழுந்துடுச்சேப்பா, அதான்..."

"அப்போ எனக்கும் கொஞ்சம் பூசுங்க, வாடகை கட்டணும்!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நானே கெடுத்துவிட்டேனே, மல்லிகா கூப்பிட்டாளோ இல்லையோ என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தனபாலன் காய்ந்த துணியால் சிம்மைத் துடைத்தான். துளைக்குள் மெல்ல ஊதுபம்பால் காற்றடித்தான். தட்டு வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நேராகவே இருந்தது. திரும்பப் போட்டான். சிம் இல்லை.

"நெட்வொர்க் ரீசெட் பண்றேன் ஆன்ட்டி. வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் மறந்துடும், படம், மெசேஜ் போகாது. சரியா?"

"என்னவோ பண்ணு!"

அதுவும் பலிக்கவில்லை. தன் சிம்மை அவள் ஃபோனில் போட்டான், அதையும் படிக்கவில்லை. கடைசியாக ஃபோனின் சொந்த அடையாள எண்ணை வரவழைக்கிற ஸ்டார் ஹாஷ் குறியீட்டை அழுத்தினான். எண் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"திருநீறு மேல பழி போடாதீங்க. விழுந்த வேகத்துல உள்ளே போர்டுல சிக்னல் பார்க்கிற பகுதி அடிபட்டிருக்கு. இனி ரீசெட்டுக்கெல்லாம் மசியாது."

"அப்போ என் நம்பர்?"

"அது சிம்லதானே இருக்கு!" என்று அவள் சிம்மைத் தன் கையிருப்பு ஃபோன் ஒன்றில் போட்டான். ஒரு கோடு, ரெண்டு கோடு, நாலு கோடு ஏறியது.

லைன் உயிரோடு இருக்கிறது, செட்டுதான் போய்விட்டது. எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் தடவை இதைச் சொல்லிப் பழகியவள், இன்று அதை நம்பாமல் அந்தக் கையிருப்பு ஃபோனையே வெறித்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். தனபாலன் கோப்பி வாங்கிக் கொடுத்தான். அது ஆறி ஏடு கட்டியது.

அப்போதுதான் மணி அடித்தது. தெரியாத நம்பர்.

"அலமேலு? நீயா? உயிரோடதான் இருக்கியா?"

"மல்லிகா! அதை நான்தான்டி கேட்கணும்! ஆபரேஷன் என்ன ஆச்சு?"

"அது முடிஞ்சு ஒரு மாசம் ஆகுது. காலையில இருந்து அடிக்கிறேன், தொடர்பு இல்லை தொடர்பு இல்லைன்னு எவளோ சொல்றா. நம்ம வயசுல அதுக்கு என்னடி அர்த்தம்? ஒப்பாரி வச்சு முடிச்சிட்டேன்."

"ஃபோன் விழுந்துடுச்சுடி... நீ எங்கேயிருந்து பேசுற? என்ன இரைச்சல்?"

"மலாக்கா பஸ்ல இருக்கேன். பக்கத்துல உட்கார்ந்த பொண்ணோட ஃபோன். தஞ்சோங் மாலிம் தாண்டியாச்சு."

அலமேலு ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள். நாற்பது வருஷம்! குரல் கேட்கிறதே, அது போதும் என்று ஒருத்தியும் ஒரு பஸ் ஏறவில்லை.

"அடியே, நான் நல்லாத்தான் இருக்கேன். உடம்பைக் கெடுத்துக்காதே, திரும்பிப் போ" என்றாள், மனசில்லாமல்.

"போகமாட்டேன். உன் செத்த முகத்தைப் பார்க்கத்தான் கிளம்பினேன். உயிரோட இருக்கிற முகத்தைப் பார்க்காம போவேனா?"